'எண்டு' வரும்வரை வெட்டாதீர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்கு ஒரு போன் வந்தது. கதைத்தவர், நாங்கள் பேட்டி எடுத்த ஒரு ஆச்சியின் பேரன். கோபமாகக் கதைக்கவில்லை. "அண்ணா, ஆச்சி இப்பிடிச் சொல்லல்ல எண்டு சொல்லுறா. நீங்கள் போட்டதைக் கேட்டா அவ சொன்ன மாதிரித்தான் கிடக்கு. என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளி பற்றி, அதைப் பார்த்த ஆக்களின் குரலில் ஒரு கட்டுரை எழுதினோம். கட்டுரையின் நடுவில் ஒரு மேற்கோள் வரும். அதற்குக் கீழே ஒரு சின்ன ஒலித்துண்டையும் வைத்திருந்தோம். வாசிக்கிற ஆள் அதைத் தட்டினால் ஆச்சியின் குரலிலேயே கேட்கலாம். பதினைந்து வினாடிதான். அந்தப் பதினைந்து வினாடியில் ஆச்சி, ஊருக்கு வந்த நிவாரண அரிசியில் நாலு மூட்டையை ஒரு கடைக்காரர் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு போனார் என்று சொல்கிறா. கடைக்காரர் இப்போது இல்லை. ஆனால் அதே இடத்தில் அவருடைய மகனின் கடை இருக்கிறது. கட்டுரையை ஆரும் அவருக்கு அனுப்பவில்லை, ஒலித்துண்டை மட்டும்தான் ஆரோ வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஆச்சி வீட்டோடு கதைக்கிறதில்லை.

நாங்கள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒன்றையும் ஒட்டவில்லை. எழுத்துப்பிரதியில் நேரத்தைப் பார்த்தோம், அந்த நேரத்தில் வெட்டினோம், அவ்வளவுதான். பிழை நடந்ததும் அந்த இடத்தில்தான். இப்போது எங்களைப் போல நிறையப் பேர் பேட்டி எடுத்து, நேரம் போட்ட எழுத்துப்பிரதி தட்டச்சு செய்து, அதிலிருந்து துண்டு வெட்டிப் போடுகிறார்கள். ஆகவே பிழை எங்கே நுழைந்தது, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம், திரும்ப எப்படி வெட்டினோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறோம்.

எழுத்துப்பிரதியில் என்ன இருந்தது

பேட்டி ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும் நீளம். எங்களில் ஒரு தங்கை அதைக் கேட்டுக் கேட்டு, சினிமாவுக்கு சப்டைட்டில் போடுகிற மாதிரி, `.srt` கோப்பாகத் தட்டச்சு செய்தா. அந்தக் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இலக்கம், தொடங்குகிற நேரம், முடிகிற நேரம், கீழே பேச்சு என்று வரிசையாக இருக்கும். பேச்சு வழக்கை மாற்றாமல், ஆச்சி சொன்னபடியே அடித்திருந்தா. அது மிக நல்ல வேலை. எங்கட பிழைக்கு அவ பொறுப்பில்லை.

கட்டுரை எழுதும்போது "அந்த அரிசி மூட்டைக் கதை எங்க வருது?" என்று தேடினோம். அப்போது கிடைத்தது இது:

```
612
00:41:08,300 --> 00:41:13,900
அப்ப வந்த அரிசியில நாலு மூட்டை

613
00:41:13,900 --> 00:41:19,200
சங்கக் கட்டிடத்துக்கு வரவே இல்ல. கடைக்காரர்தான்

614
00:41:19,200 --> 00:41:23,600
இரவோட இரவா ஏத்திக்கொண்டு போனவர்
```

"போனவர்" என்பதோடு வாக்கியம் முடிகிறது. நேரமும் முடிகிறது. 41:08இலிருந்து 41:23 வரை வெட்டினோம். ஒலியும் சுத்தமாக, அமைதியில் போய் நின்றது. நல்ல வெட்டு என்று சந்தோசப்பட்டோம்.

பேரன் கேட்டபிறகுதான் அதே கோப்பில் அடுத்த இரண்டு துண்டையும் பார்த்தோம்:

```
615
00:41:27,900 --> 00:41:33,100
எண்டு சனம் கதைச்சது மனே. நான் காணல்ல.

616
00:41:33,100 --> 00:41:38,400
அந்த மனுசன்ட வீடும் கூரையில்லாமத்தான் கிடந்தது.
```

614 முடிவது 41:23.6இல். 615 தொடங்குவது 41:27.9இல். இடையில் நாலு வினாடிக்குக் கொஞ்சம் கூட. ஒலியைக் கேட்டால் அந்த நாலு வினாடியில் ஆச்சி வெற்றிலையை ஒதுக்குவது கேட்கும். வாக்கியம் முடியவில்லை, வாய்தான் நின்றிருந்தது. ஊர்க்கதையைச் சொல்லி, அது ஊர்க்கதை என்பதையும் சொல்லி, அந்த மனிதருக்காக ஒரு வார்த்தையும் சொல்லி முடித்திருக்கிறா. நாங்கள் ஊர்க்கதையை மட்டும் எடுத்து, அதை ஆச்சி கண்ணால் கண்ட சாட்சியமாக மாற்றிவிட்டோம்.

தமிழில் வால்தான் தலை

இந்தப் பிழை தமிழில் வெட்டுகிறவர்களுக்கு இலகுவாக நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு ஆள் மற்றவர் சொன்னதைச் சொல்லும்போது, பெரும்பாலும் "ஆக்கள் சொன்னார்கள்" என்பது முதலில் வந்துவிடும். அங்கே கடைசியில் வெட்டினாலும் அது ஆருடைய கதை என்பது தப்பிவிடும். எங்கட மொழியில் முழுக்கதையும் சொல்லி முடித்தபிறகுதான் "எண்டு சனம் கதைச்சது" வரும். "போனவராம்" என்றால் அந்த "ஆம்" கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுப்பும் அப்படித்தான்: "நான் அப்பிடி நினைச்சு அங்க போக" வரை கேட்டால் போனது போல இருக்கும், "இல்ல" பிறகுதான் வரும். "எண்டா", "எண்டாலும்" எல்லாம் வாலில்தான் நிற்கின்றன. வாலை வெட்டினால் உடம்பு முழுதும் வேறு பிராணியாகிவிடும்.

எழுத்துப்பிரதியின் நேரங்கள் இதை அறியாது. தட்டச்சு செய்கிற ஆள் மூச்சு விடுகிற இடத்திலோ, வரி நீண்டுவிட்ட இடத்திலோ துண்டை முறிக்கிறார். 613ஐ மறுபடி பாருங்கள், "கடைக்காரர்தான்" என்ற இடத்தில் வாக்கியத்தின் நடுவில் முறிந்திருக்கிறது. வாசிக்க வசதியாக முறித்த இடம் அது. ஒரு துண்டு முடிகிறது என்பது அங்கே வெட்டலாம் என்பதற்கான அனுமதி இல்லை. எழுத்துப்பிரதி ஒரு இடத்தை எங்களுக்குக் காட்டித் தரும். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதைக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும்.

திரும்ப வெட்டிய விதம்

இரண்டாம் முறை முதலில் இருந்து தொடங்கினோம். தேடுவதற்கு இந்தக் கட்டளை:

```
grep -n -B 2 -A 12 "மூட்ட" aachchi.srt
```

`-B 2` என்றால் கிடைத்த வரிக்கு மேலே இரண்டு வரி, அதாவது இலக்கமும் நேரமும். `-A 12` என்றால் கீழே பன்னிரண்டு வரி, அதாவது அடுத்த மூன்று துண்டு. முதல் நாளே இப்படித் தேடியிருந்தால் 615 கண்ணில் பட்டிருக்கும். வெறும் தேடல் சொல் கிடைத்த வரியை மட்டும் காட்டும், பிறகு எங்களுக்குத் தேவையானது முடிந்ததும் நாங்களே கண்ணை எடுத்துவிடுவோம். கட்டளை பழகாத ஆக்கள் கோப்பை நோட்பாடில் திறந்து தேடலாம். ஆனால் மேலே ஒரு துண்டும் கீழே மூன்று துண்டும் வாசிக்காமல் நேரத்தைக் குறிக்கக் கூடாது.

"மூட்டை" என்று முழுதாகத் தேடாமல் "மூட்ட" என்று தேடியதற்கும் காரணம் உண்டு. ஆச்சி ஓரிடத்தில் மூட்டை என்கிறா, இன்னோரிடத்தில் மூட்டயள் என்கிறா. பேச்சை அப்படியே அடித்த பிரதியில் சொல்லின் வேரைத் தேடினால்தான் எல்லாம் அகப்படும். "என்று" என்று தேடினால் "எண்டு" கிடைக்காது. சில நேரம் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சொல்லே தேடலில் வராது. பழைய பிரதிகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், யுனிகோட்டில் தேடி ஒன்றும் வராது. யுனிகோட்டிலும் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு வேறு கால் வேறாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடலுக்கு வேறு வேறு. சந்தேகம் வந்தால் கொம்புக்கால் இல்லாத வேறொரு சொல்லைத் தேடுங்கள். "கொண்டு" அகப்படாவிட்டாலும் "மூட்ட" அகப்படும்.

அடுத்த பிரச்சினை, எந்த ஒலிக்கோப்பில் வெட்டுவது என்பது. முதல் முறை, தங்கைக்குத் தட்டச்சு செய்ய அனுப்பிய எம்பி3 பிரதியிலேயே வெட்டியிருந்தோம். இந்த முறை பதிவுக்கருவியில் இருந்த மூல வேவ் கோப்பை எடுத்தோம். 41:08க்குப் போனால் ஆச்சி தென்னைமரம் முறிந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா, அரிசி இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. அனுப்புவதற்கு முன் தொடக்கத்தில் இருந்த கதிரை இழுக்கிற சத்தம், நாய் குரைத்தது எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் எம்பி3 செய்திருந்தோம்.

இந்த மாதிரி நேரம் பொருந்தாவிட்டால் ஓரிடத்தில் மட்டும் சரிபார்த்துவிட்டு ஓடக் கூடாது. மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். பிரதியில் 2:10இல் இருப்பது மூலத்தில் 2:28இல் கேட்டது. 41:08இல் இருப்பது 41:26இல். 1:10:05இல் இருப்பது 1:10:23இல். மூன்றிலும் அதே பதினெட்டு வினாடி. அப்படியென்றால் தலைப்பக்கம் மட்டும்தான் வெட்டுப்பட்டிருக்கிறது, எல்லா நேரத்தோடும் 18ஐக் கூட்டினால் போதும். வித்தியாசம் போகப்போகக் கூடிக்கொண்டு போனால் அது வேறு நோய். இரண்டு கருவியில் பதிந்து கடிகாரம் ஒத்துப்போகாமல் இருக்கலாம், அல்லது மாறும் பிட்ரேட்டில் செய்த எம்பி3இல் பிளேயர் காட்டுகிற நேரமே உத்தேசமாக இருக்கலாம். இடையில் ஓரிடத்தில் திடீரென்று பாய்ந்தால், நடுவில் ஆரோ ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். அந்த நேரம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, எடுத்தது எது என்று விசாரிக்க வேண்டும்.

பிறகு கேட்டோம். குறித்த இடத்துக்கு அரை நிமிடம் முன்னாலிருந்து அரை நிமிடம் பின்னால் வரை, எழுத்தைப் பார்க்காமல், இரண்டு பேர். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. 41:01இல் எங்கட ஆள் ஒருவர், "நிவாரணம் எல்லாருக்கும் ஒழுங்காக் கிடைச்சதா ஆச்சி?" என்று கேட்கிறார். ஆச்சி தானாக அந்தக் கதையை எடுக்கவில்லை. நாங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னா. முதல் துண்டில் அந்தக் கேள்வியும் இல்லை. கேள்வி இல்லாவிட்டால், நாற்பது வருடமாக மனதில் வைத்திருந்து ஒருவரைக் குற்றம் சொல்கிற கிழவி மாதிரிக் கேட்கும்.

ஆகவே புதிய துண்டு கேள்வியில் தொடங்கி, "கிடந்தது" என்பதில் முடிகிறது. பிரதியில் 41:01.0 முதல் 41:38.4 வரை. 18ஐக் கூட்டினால் மூலத்தில் 41:19.0 முதல் 41:56.4 வரை. முன்னால் அரை வினாடியும் பின்னால் ஒரு வினாடியளவும் அந்த முற்றத்தின் சத்தத்தை விட்டோம். இல்லாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி முடியும். எல்லாமாக 39 வினாடி.

```
ffmpeg -ss 00:41:18.5 -i aachchi.wav -t 39 thundu.wav
```

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கலாம். `.srt` கோப்பில் வினாடிக்குப் பிறகு காற்புள்ளி இருக்கும், இந்தக் கட்டளைக்குப் புள்ளி வேண்டும். அடுத்தது, `-t` என்பது நீளம். அதற்குப் பதிலாக முடிவு நேரத்தை `-to` என்று `-i`க்குப் பின்னால் போட்டால், வெட்டத் தொடங்கிய இடத்தைச் சைபராக வைத்து எண்ணும். 39 வினாடி கேட்டவருக்குக் கோப்பின் முடிவு வரை, முப்பது நிமிடமளவு வரும். துண்டின் நீளத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மவுசால் செய்ய விரும்புகிறவர்கள் ஒடாசிட்டியில் மூலத்தைத் திறந்து, தொடக்க முடிவு நேரங்களைக் கீழே இருக்கிற பெட்டியில் அடித்துத் தெரிவு செய்யலாம். தெரிவு செய்தபின் `Z` விசையை அழுத்தினால் வெட்டுகிற முனைகள் அலை சைபரைத் தொடுகிற இடத்துக்கு நகரும், முனையில் "டிக்" என்ற சத்தம் வராது. எதில் செய்தாலும் மூலத்தைத் தொடாமல் புதிய கோப்பாகச் சேமியுங்கள். நாங்கள் இப்போது துண்டின் பெயரிலேயே மூலத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதுகிறோம்: `aachchi_004118_004157.wav`. ஆரும் கேட்டால் அரை நிமிடத்தில் மூலத்தில் அந்த இடத்தைத் திறந்து காட்டலாம்.

எங்களுக்குள் நடந்த வாக்குவாதம்

இதை முடித்தபிறகு எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. ஒரு நண்பர் சொன்னார்: "39 வினாடி ஆரும் கேக்கமாட்டாங்கள். அதுக்குள்ள நாலு வினாடி வெத்திலை மெல்லுற சத்தம். அதையாவது எடுத்துவிடுவம். 'எண்டு சனம் கதைச்சது' எண்டதை அதோட ஒட்டினா இன்னும் தெளிவாக் கேக்கும்தானே?" ஞாயமான கேள்வி. அந்த நாலு வினாடிதான் எங்களை ஏமாற்றியது, கேட்கிற ஆளையும் ஏமாற்றலாம்.

ஆனாலும் நாங்கள் எடுக்கவில்லை. ஒலித்துண்டின் நடுவில் கை வைப்பதில்லை என்பதுதான் எங்கட முடிவு. எழுத்தில் நடுவில் விட்டால் மூன்று புள்ளி போடலாம், வாசிக்கிற ஆளுக்குத் தெரியும். ஒலியில் அந்த மூன்று புள்ளி கிடையாது. இன்று நல்ல நோக்கத்தோடு நாலு வினாடியை எடுப்போம், நாளைக்கு ஒரு வாக்கியத்தை எடுப்போம், அதுவும் அதே மாதிரி ஒட்டு தெரியாமல் இருக்கும். ஆகவே இரண்டு முனையிலும் மட்டும் வெட்டு. நீளம் பிரச்சினை என்றால் அந்தப் பேட்டியிலேயே தானாக இருபது வினாடியில் முடிகிற வேறு இடத்தைத் தேடு. இல்லாவிட்டால் எழுத்தில் மட்டும் போடு. பாதிக் கதை தருகிற இருபது வினாடியை விட, ஒலியே இல்லாத கட்டுரை நல்லது.

இன்னொருவர், "கட்டுரையில விளக்கம் எழுதினாப் போதும்தானே, அங்க 'இது ஊர்க்கதை' எண்டு போடலாம்" என்றார். போதாது. ஒலித்துண்டு கட்டுரையோடு இருக்காது. கடைக்காரரின் மகனுக்குப் போனது துண்டு மட்டும்தான். தனியாகப் பயணம் போகிற ஒரு பொருளுக்குள்ளேயே அதன் விளக்கமும் இருக்க வேண்டும். "நான் காணல்ல" என்பது ஆச்சியின் குரலிலேயே, அதே துண்டுக்குள் இருக்க வேண்டும்.

பழைய துண்டை எடுத்துவிட்டோம். கட்டுரையின் மேற்கோளையும் திருத்தி, என்ன பிழை விட்டோம் என்று மேலேயே எழுதினோம். புதியதைப் போடுவதற்கு முன் ஆச்சி வீட்டுக்குப் போனோம். போனை அவவின் காதுக்குக் கிட்டப் பிடித்து 39 வினாடியையும் போட்டுக் காட்டினோம். முடியும் வரை ஒன்றும் சொல்லாமல் கேட்டா. பிறகு, "இதுதான் நான் சொன்னது" என்றா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை முதல்ல அந்தப் பொடியனுக்குக் காட்டுங்க மனே, பிறகு போடுங்க" என்றா.

கடைக்குப் போனோம். கடைக்காரரின் மகன் கல்லாவில் நின்றபடியே கேட்டார். கூரையில்லாத வீடு என்ற இடம் வந்தபோது போனை வாங்கி, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டார். போடலாம் என்றும் சொல்லவில்லை, போடக் கூடாது என்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை எழுதும் வரை நாங்களும் போடவில்லை. 39 வினாடிக் கோப்பு எங்களிடம் இருக்கிறது, நேரம் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவர் பதில் சொல்லட்டும், பிறகு பார்ப்போம்.